நல்ல மைக்கை ஆருக்குக் குடுக்கிறது?



லாச்சப்பல் மெத்ரோ வாசலில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நின்று, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுப் பாருங்கோ. தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் இரண்டாம் இலக்க மெத்ரோ நிமிசத்துக்கு ஒருக்கா எண்ட மாதிரி ஓடும். கடை வாசல் ஸ்பீக்கரில் சினிமாப் பாட்டு. கார் து நோர் பக்கம் பெட்டி இழுத்துக்கொண்டு போற சனம். இதுக்குள்ளை ஒரு குரல் "மைஸ் ஷோ, மைஸ் ஷோ" எண்டு கூப்பிடும். சுப்பர்மார்க்கட் தள்ளுவண்டியில் கரிச்சட்டியை வைத்துச் சோளம் சுட்டு விற்கிற ஆளின் குரல் அது.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து தெருச் சாப்பாடும் தெருநடையுமாய் ஒரு சின்னச் சனல் நடத்துகிறோம். ஃபோபூர் சென்-டெனியில் கொத்துரொட்டி, ரூ கைல் பக்கம் இடியப்பம், இப்படித்தான் தொடங்கினது. கடைக்காரரைப் படம் எடுக்கிறது சுகம். அவருக்குப் பெயர்ப்பலகை இருக்கு, விளம்பரம் வேணும், வேண்டாமெண்டால் முகத்துக்கு நேரே சொல்லுவார். சோளம் விற்கிறவரிடம் போகும்போதுதான், நாங்கள் "மரியாதை" எண்டு நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு மேலோட்டமானது எண்டு விளங்கினது.

பிரான்சில் அனுமதியில்லாமல் தெருவில் விற்கிறது தண்டனைச் சட்டத்தின் 446-1 ஆம் பிரிவில் வருகிறது. 2011 இல் இருந்து அது வெறும் தண்டப்பணக் குற்றம் இல்லை: ஆறு மாதச் சிறை, 3,750 யூரோ வரை அபராதம். விசா இல்லாத ஒருவருக்கு அதோடை நாட்டைவிட்டு வெளியேறச் சொல்லும் கடிதமும் பயமாய் நிற்கும். அவருடைய முகம், வண்டி, நிற்கிற மூலை, விலை சொல்லும் வாய் எல்லாம் தெரிகிற மாதிரி நாங்கள் போடுகிற நாலு நிமிச வீடியோ, அவர் பக்கத்தில் இருந்து பார்த்தால் அவருக்கு எதிரான சாட்சி. சிரித்த முகத்தோடை தலையாட்டினார் எண்டதால் அது மாறாது. தெருவில் கூட்டத்தைப் படம் எடுக்கலாம். ஆனால் ஒருவரைத் தனியாய் அடையாளம் தெரிகிற மாதிரிக் காட்டிப் பரப்ப அவருடைய சம்மதம் வேணும். பிரெஞ்சு நீதிமன்றங்கள் குடியியற் சட்டத்தின் 9 ஆம் பிரிவை வைத்து இதைத்தான் சொல்லி வருகின்றன. கமராவைக் கண்டதும் வருகிற ஒரு சிரிப்பைச் சம்மதம் எண்டு எடுக்கிற பழக்கம் எங்கள் எல்லாருக்கும் இருக்கு.

முதல் தடவை நாங்கள் செய்த பிழை இதுதான். முகத்தை மங்கலாக்கி, கையை மட்டும் காட்டிப் போட்டோம். ஆனால் அவருடைய ஜக்கெட் கைமடிப்பு தெரிந்தது, பின்னுக்கு மருந்துக்கடைப் பலகை தெரிந்தது, வண்டியில் கட்டியிருந்த சிவப்புப் பை தெரிந்தது. அவரைத் தெரிந்த ஒருவருக்கு அது காணும். இரண்டு நாளில் இன்னொரு விற்பனையாளர் வந்து, "அதை எடுங்கோ" எண்டார். எடுத்தோம். பார்க்க வேண்டியவை அதுக்குள்ளே பார்த்தாச்சு.

அந்த வீடியோவில் இன்னொரு வெட்கமும் இருந்தது. அதில் அவர் மூன்று நிமிசம் கதைத்திருந்தார், ஆனால் ஒண்டும் கேட்கவில்லை. கேட்காதபடியால் நான் அறைக்குள் இருந்து, "இவர் தினமும் கஷ்டப்பட்டு..." எண்டு பின்னணிக் குரல் குடுத்தேன். அவருடைய வாய் அசைய, என்னுடைய பரிதாபம் கேட்டது. சத்தத்தைச் சமாளிக்கத் தெரியாட்டி முடிவில் எப்போதும் இதுதான் நடக்கும்: கமரா பிடிக்கிறவன் தெருவில் நிற்கிறவனுக்காகக் கதைக்கத் தொடங்குவான். ஆகவே இரைச்சல் வெறும் தொழில்நுட்பத் தொல்லை இல்லை எண்டதுதான் என்னுடைய வாதம்.

பிழை எங்கே? எங்களிடம் ஒரே ஒரு நல்ல கொலர் மைக் இருந்தது, அது எப்போதும் என்ரை சேட்டில்தான் குத்தியிருக்கும். அவருடைய குரலைக் கமராவின் மைக் ஒரு மீற்றர் அறுபது சென்ரிமீற்றர் தள்ளி நின்று பிடித்தது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியாகும் ஒவ்வொரு தடவையும் குரல் சுமார் 6 டெசிபெல் கூடும். சுற்றியுள்ள இரைச்சல் அப்படியே இருக்கும். 160 சென்ரிமீற்றரில் இருந்து 20 க்கு வர மூன்று தடவை பாதியாக்க வேணும். அதாவது 18 டெசிபெல். எந்த எடிற்றிங் மென்பொருளும் அதை இலவசமாய்த் தராது. இரைச்சல் நீக்கியை நாங்கள் அழுத்தி ஓட்டினபோது அவர் தண்ணிக்கு அடியில் இருந்து கதைக்கிற மாதிரிக் கேட்டது.

அதோடை கமராவில் ஒலி அளவு தானியங்கியில் கிடந்தது. அவர் மூச்சு விட நிறுத்தினால் கமரா "சத்தம் குறைஞ்சு போச்சு" எண்டு நினைத்துத் தெருவைத் தூக்கிவிடும். வசனத்துக்கு வசனம் இரைச்சல் அலை மாதிரி எழும்பி விழுந்தால் காரணம் இதுதான். அளவைக் கையால் பூட்டி, உரத்த இடம் -12 அளவில் நிற்கிற மாதிரி வைக்க அது போகும்.

இரண்டாம் தடவை கமரா இல்லாமல்தான் போனோம். மூன்று கிழமை சோளம் வாங்கிச் சாப்பிட்டோம், கதைத்தோம். அவர் வங்காளதேசக்காரர், நாங்கள் "பாய்" எண்டு கூப்பிடுவோம். என்ன செய்யப் போகிறோம், எதைக் காட்ட மாட்டோம், எங்கே போடுவோம் எண்டு ஃபோனில் ஒரு மாதிரிப் படத்தோடு காட்டினோம். வெட்டி முடித்ததைப் போடமுதல் அவருக்குக் காட்டுவோம், எப்போது சொன்னாலும் எடுப்போம் எண்டும் சொன்னோம். நல்ல மைக்கை அவருக்குக் குடுத்தோம். வயர் இல்லாத, கிளிப் போடுகிறது. பொலிஸ் வந்தால் அவர் வண்டியை விட்டிட்டு ஓட வேணும். உடம்பில் வயர் சுற்றியிருக்கக் கூடாது. "கழட்டி எறிஞ்சிட்டு ஓடுங்கோ, நாங்கள் பொறுக்குவம்" எண்டேன். அவர் சிரித்த முதல் தடவை அதுதான்.

பாலத்துக்குக் கீழே நிற்காமல் ஒரு சுவர் மூலைக்குத் தள்ளிப் போனோம். ரயில் வந்தால் நான் கையைத் தூக்குவேன், அவர் நிற்பாட்டி, போன பிறகு அந்த வசனத்தை முதலில் இருந்து சொல்லுவார். 100 ஹேர்ட்சுக்குக் கீழே வெட்டினால் ரயிலின் உறுமல் குறையும். சக்கரத்தின் கீச்சுக்குக் காத்திருக்கிறதைத் தவிர வழியில்லை. ஆனால் வாங்க ஆள் வந்தால் பதிவு நிற்கும், வியாபாரம் நிற்காது. சினிமாப் பாட்டு ஓடுகிற கடைப்பக்கமும் போகவில்லை; பின்னணியில் கேட்கிற பாட்டுக்கே யூரியூப் உரிமைக்கோரல் அனுப்பும். கடைசியில், ஒருவரும் கதைக்காமல் ஒரு நிமிசம் தெருச் சத்தத்தைத் தனியாய் எடுத்தோம். வெட்டின இடங்களை ஒட்ட அது வேணும்.

படத்தில் வந்தது கரி, சோளம், உப்பு, கையுறை போட்ட கை. கையுறை எங்களுடையது, ஜக்கெட்டும் எங்களுடையது. போட்டது ஏழு கிழமை கழித்து, வாசலின் பெயர் சொல்லாமல்.

ஒரு சிக்கல் தீரவில்லை. குரலும் அடையாளம்தானே? நல்ல மைக் அந்த அடையாளத்தை இன்னும் தெளிவாக்கும். இதை அவரிடமே விட்டோம். வெட்டினதைக் கேட்டுவிட்டு, தம்பியைப் பற்றிச் சொன்ன ஒரு வசனத்தை எடுக்கச் சொன்னார். மிச்சத்தைத் தன் சிநேகிதன் வாசிக்கட்டும் எண்டார்; சிநேகிதனுக்குக் காட் இருக்கு, பயமில்லை. அவருடைய வசனங்கள், அவருடைய மொழியில், இன்னொரு வாயால். கீழே தமிழில் எழுத்து.

"மைஸ் ஷோ" கூப்பாட்டை மட்டும் தன்னுடைய குரலிலேயே விடச் சொன்னார். அந்த ரெண்டு சொல்லை எல்லாரும் ஒரே மாதிரித்தான் கூப்பிடுவினம், ஆர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது எண்டு சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்குச் சோளம் திருப்பப் போனார்.