முறைப்பாட்டுக்கு முந்திக்கொண்டு வரும் பதில்

கிளிநொச்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் சில வாரங்களுக்கு முன்னர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். பத்திரிகையில் எழுதுபவன் என்பதால் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்பதற்காக. என்னால் பெரிதாக எதுவும் செய்ய முடியவில்லை. அவருடைய அனுமதியுடன், பெயரையும் வங்கியின் பெயரையும் தவிர்த்து, நடந்ததை இங்கே பதிந்து வைக்கிறேன்.

ரீச்சர் ஒரு சனிக்கிழமை ஏ9 வீதியோரத்திலுள்ள தானியங்கி இயந்திரத்தில் 20,000 ரூபா எடுக்க முயன்றிருக்கிறார். இயந்திரம் பணத்தைத் தரவில்லை. ஆனால் கணக்கில் 20,000 ரூபா கழிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்துவிட்டது. கிளை திங்கட்கிழமைதான் திறக்கும். வங்கியின் தொலைபேசி இலக்கத்தில் நெடுநேரம் இசை மட்டுமே கேட்டது. ஆகவே வங்கியின் முகநூல் பக்கத்துக்குப் போய், அங்கிருந்த ஒரு விளம்பரப் பதிவின் கீழ் தமிழில் தன் முறைப்பாட்டை எழுதினார். எந்த ஊர், எவ்வளவு பணம், எத்தனை மணிக்கு என்று எல்லாவற்றையும் ஆசிரியைக்குரிய ஒழுங்கோடு எழுதினார்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. வங்கியின் இலச்சினை, வங்கியின் பெயர், அதன் பின்னால் ‘வாடிக்கையாளர் சேவை’ என்ற சொற்கள். “வணக்கம் அம்மா, ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். உங்கள் பாதுகாப்புக் கருதி விபரங்களை இங்கே எழுத வேண்டாம். உள்பெட்டிக்கு வாருங்கள்.” உள்பெட்டியிலிருந்து வட்ஸ்அப்புக்கு. அங்கே தேசிய அடையாள அட்டை இலக்கம், கணக்கு இலக்கம், வங்கி அட்டையின் இருபுறப் படங்கள். பிறகு, “பணத்தை மீளளிப்பதற்கு ஒரு இலக்கம் வரும், அதைச் சொல்லுங்கள்” என்றனர். இரண்டு முறை இலக்கம் வந்தது. இரண்டு முறையும் சொன்னார். அரை மணி நேரத்தில் 185,000 ரூபா போய்விட்டது.

அந்தக் குறுஞ்செய்திகளைக் கேட்டு வாங்கிப் படித்தேன். முதலாவது, ஒரு புதிய கைத்தொலைபேசியில் அவருடைய கணக்கைப் பதிவு செய்வதற்கான ஒருதடவைக் கடவு இலக்கம். இரண்டாவது, பணப் பரிமாற்றத்தை உறுதிப்படுத்துவதற்கானது. இரண்டும் எதற்கானவை என்று அந்தச் செய்திகளிலேயே எழுதப்பட்டிருந்தது, ஆங்கிலத்தில். திருடன் தமிழில் பேசினான். எச்சரிக்கை ஆங்கிலத்தில் வந்தது. ரீச்சர் தமிழை நம்பினார்.

இந்த மோசடிக்கு ஆங்கிலத்தில் ‘ஆங்கிலர் பிஷிங்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆழ்கடலில் தன் தலையில் ஒரு ஒளித்தூண்டிலைத் தொங்கவிட்டு இரையைத் தன்னிடம் வரவைக்கும் மீனின் பெயரால் வந்தது. வழக்கமான மோசடிக்காரன் ஆயிரம் பேருக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்தி அனுப்புவான். அவர்களில் பலருக்கு அந்த வங்கியில் கணக்கே இராது. இவனுக்கு அந்தச் சிரமம் இல்லை. நீங்கள் எந்த வங்கியின் வாடிக்கையாளர், என்ன பிரச்சினை, எவ்வளவு தவிப்பில் இருக்கிறீர்கள் என்பதை நீங்களே பகிரங்கமாக எழுதிவிட்டீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பதிலை எதிர்பார்த்துக் காத்திருக்கிறீர்கள். அந்நியன் ஒருவன் பேசுவதில் உங்களுக்குச் சந்தேகமே எழாத ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

இது வன்னிக்கு மட்டும் உரியதன்று. மும்பையில் ஒரு பெண் தன் ரயில் பயணச்சீட்டு பற்றிய கேள்வியை ருவிட்டரில் கைத்தொலைபேசி இலக்கத்துடன் பதிந்தார். ரயில்வே சேவையிலிருந்து பேசுவதாக ஒருவர் அழைத்தார். ஒரு படிவத்தை நிரப்பி இரண்டு ரூபா செலுத்துமாறு கேட்டார். 64,000 இந்திய ரூபாவுக்கு மேல் பறிபோனதாக 2023 ஜனவரியில் இந்தியப் பத்திரிகைகள் எழுதின.

தனி அரட்டைக்கு அழைப்பது ஏன்? வெளியில் இருந்தால் உண்மையான வங்கி ஊழியர் கண்டுவிடுவார். முன்னர் ஏமாந்த ஒருவர் “கவனம்” என்று கீழே எழுதிவிடுவார். தனியறையில் சாட்சி இல்லை. சிக்கல் என்னவென்றால், உண்மையான வங்கிகளும் “உள்பெட்டிக்கு வாருங்கள்” என்றே எழுதுகின்றன. கணக்கு விபரங்களைப் பகிரங்கமாகக் கேட்க முடியாதென்பது நியாயந்தான். ஆனால் அதன் மூலம் திருடனின் முதல் வசனத்தை வங்கிகளே மக்களுக்குப் பழக்கிக் கொடுத்திருக்கின்றன.

எப்படி இனங்காண்பது? நீல அடையாளத்தை நம்ப வேண்டாம். 2022 நவம்பரில் ருவிட்டர் அதை மாதம் எட்டு டொலருக்கு விற்கத் தொடங்கியது. சில நாட்களுக்குள்ளேயே எலி லில்லி என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தின் பெயரில், நீல அடையாளத்துடன், ஒரு போலிக் கணக்கு ‘இன்சுலின் இனி இலவசம்’ என்று அறிவித்தது. உண்மையான நிறுவனம் மன்னிப்புக் கோரி விளக்கமளிக்க வேண்டியதாயிற்று. அதைவிடப் பயனுள்ளது, பதிலளித்தவரின் பெயரை அழுத்திப் பார்ப்பது. முகநூல் பக்கமாயின் அது எப்போது தொடங்கப்பட்டது, முன்னர் என்ன பெயரில் இருந்தது என்பதை ‘பக்க வெளிப்படைத்தன்மை’ என்ற பகுதி காட்டும். பல ஆண்டுகளாக இயங்கும் வங்கியின் சேவைப் பக்கம் சென்ற மாதம் பிறந்திருக்காது.

ஆனால் இந்தச் சோதனைகளெல்லாம் ஆறுதலாக இருக்கும்போது செய்யக்கூடியவை. பதற்றத்தில் இருப்பவருக்கு ஒரேயொரு விதி போதும்: பணம் உங்கள் கணக்குக்கு வருவதற்கு இரகசிய இலக்கம் எதுவும் தேவையில்லை, வெளியே போவதற்கே அது தேவை. வெளிநாட்டிலுள்ள மகன் பணம் அனுப்பும்போது உங்களிடம் எதைக் கேட்கிறார்? கணக்கு இலக்கத்தை மட்டுந்தான். ‘மீளளிப்பதற்கு’ என்று சொல்லி இரகசிய இலக்கம் கேட்பவன் எவனாயினும் திருடன்.

உண்மையில் ரீச்சரின் 20,000 ரூபாவுக்கு அவசரமே இருக்கவில்லை. இயந்திரம் வெளியே தள்ளாத பணம் இயந்திரத்துக்குள்தான் இருக்கும். கணக்கு ஒப்பிடும்போது அந்தத் தொகை மிகையாகத் தெரியும். நாள், நேரம், இடம், தொகை ஆகியவற்றை அட்டையின் பின்புறமுள்ள இலக்கத்துக்கோ கிளைக்கோ அறிவித்து, முறைப்பாட்டு இலக்கம் ஒன்றைப் பெற்றுக்கொண்டால் போதும். அந்தப் பணம் நான்காம் நாள் அவருடைய கணக்குக்குத் திரும்பி வந்தது. 185,000 வரவில்லை. இணையவழிப் பரிமாற்றம் நொடிகளில் முடிந்துவிடும். பெற்ற கணக்கிலிருந்து பணம் எடுக்கப்படுவதற்கு முன்னர் வங்கி அதை முடக்கினாலேயே நம்பிக்கை உண்டு. ஆகவே ஏமாந்தவர் முதலில் அழைக்க வேண்டியது வங்கியை. அடுத்து பொலிஸ், 101 என்ற இலக்கத்தில் இலங்கை சேர்ட். உரையாடலை வெட்கத்தில் அழித்துவிட வேண்டாம், அதுவே சான்று.

“ஏன் ரீச்சர் நம்பினீங்கள்?” என்று கேட்டேன். “தம்பி, அவன் எவ்வளவு மரியாதையாக் கதைச்சவன் தெரியுமே? உண்மையான வங்கிக்காரர் அப்பிடிக் கதைக்கிறேல்லையே” என்றார்.

அந்தப் பதிலை வங்கி முகாமையாளர்கள் படிக்க வேண்டும். 2009க்குப் பின்னர் வன்னியில் கிளைகள் வரிசையாகத் திறக்கப்பட்டன. கணக்குகளையும் செயலிகளையும் எங்கள் மக்களுக்கு விற்றார்கள். தமிழ் இந்த நாட்டின் அரச கரும மொழியாகி முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இருந்தும் “இந்த இலக்கத்தைச் சொன்னால் உங்கள் பணம் போகும்” என்ற ஒரு வரியை ரீச்சருக்குத் தமிழில் அனுப்ப அந்த வங்கியால் முடியவில்லை. அதன் பக்கத்தின் கீழ் அதன் பெயரிலேயே எழுதிய போலிப் பதில் மூன்று நாட்கள் அங்கேயே கிடந்தது, நானே பார்த்தேன். பகிரங்கப் பக்கத்தைத் திறந்து வைப்பவர்கள் சனி, ஞாயிறிலும் அதைக் காவல் காக்க வேண்டும், இல்லாவிட்டால் கருத்துப் பகுதியை மூடிவிட வேண்டும். “வாடிக்கையாளரே இலக்கத்தைச் சொன்னார், ஆகவே பொறுப்பில்லை” என்று ரீச்சருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கடிதமும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது.