டீச்சர் மாறும்போது
தஞ்சாவூர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பெற்றோருக்கு வந்த வாட்ஸ்அப் செய்தியைப் படித்தேன். மூன்றாம் வகுப்பு டீச்சர் விடுப்பில் போகிறார், திங்கள் முதல் வேறொருவர் வருவார், ஒத்துழைப்பு தரவும், அவ்வளவுதான். 2018 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் வெளியகரம் அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் பகவானுக்கு மாறுதல் வந்தபோது பிள்ளைகள் அவரைக் கட்டிப்பிடித்து அழுததை நாமெல்லாம் பார்த்தோம். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளே அப்படியென்றால் எட்டு வயதுக் குழந்தையை எண்ணிப் பாருங்கள். போகிறவர் திரும்பி வருவாரா என்பதுதான் அதன் முதல் கேள்வி. அவர் போவது மகப்பேறு விடுப்பு என்றால், அரசுப் பள்ளி ஆசிரியைக்கு அது 12 மாதம். ஆகவே இந்த ஆண்டு வரமாட்டார் என்று தெளிவாக எழுதிவிட வேண்டும். மழுப்பினால் பிள்ளை ஒவ்வொரு திங்களும் வாசலைப் பார்க்கும். பழைய டீச்சரே வகுப்பில் சொல்லி, புதியவரோடு இரண்டு நாள் சேர்ந்திருந்து, பிறகே செய்தி வீட்டுக்குப் போகட்டும். உட்காரும் இடம், கால அட்டவணை, அரையாண்டுப் பாடப்பகுதி மாறாது என்ற வரியும், காலையில் வயிற்றுவலி என்று பிள்ளை அடம்பிடித்தால் யாரிடம் பேசுவது என்ற வரியும் அதில் இருக்கட்டும். சம்பா நடவுக்குப் போன அம்மா பொழுது சாய்ந்துதான் போனைப் பார்ப்பார். தலைமையாசிரியர்களே, காலை அவசரத்தில் அனுப்பாதீர்கள். போன் இல்லாத வீட்டுக்கு டைரியிலும் எழுதி அனுப்புங்கள்.