ஒரே பொண்ணு, மூணு கலர்!

புது மானிட்டர் பொய் சொல்லும். கெட்ட எண்ணமில்லை, வியாபாரம். ஷோரூமில் பத்து மானிட்டருக்கு நடுவே பளிச்சென்று தெரிந்தால்தான் விற்கும். அதனால் பலவற்றில் வெளிச்சத்தை ஏற்றி, வெள்ளையில் கொஞ்சம் நீலம் சேர்த்து அனுப்புகிறார்கள். வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிற அதே தந்திரம்!

கள்ளக்குறிச்சியில் ஒரு ஸ்டூடியோவில் இதன் விளைவைப் பார்த்தேன். கல்வராயன் மலை வெள்ளிமலையிலிருந்து கல்யாண ஆல்பம் வாங்க வந்த மாமா, "ஏன் தம்பி, எங்க பொண்ணு இவ்ளோ கறுப்பா?" என்றார். ரீடச் பண்ணிய பையன் மானிட்டரைத் திருப்பினான். அதில் அம்சமாக இருந்தாள். மாமாவின் செல்போனில் அதே முகம் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி.

காரணம் இதுதான். மானிட்டர் வெளிச்சம் அதிகம் என்பதால் 'முகம் போதுமான அளவு பிரகாசம்' என்று பையன் நிறுத்திவிட்டான். பேப்பருக்குச் சொந்த வெளிச்சம் கிடையாதே, பிரிண்ட் இருண்டது. திரையில் நீலம் தூக்கல் என்பதால் அதை ஈடுகட்ட மஞ்சளைக் கூட்டியிருந்தான். நம் கண் சில நிமிஷத்தில் எந்த வெள்ளைக்கும் பழகிவிடும், தப்பு தெரியாது.

எனவே கண்ணை நம்பாதீர்கள். மானிட்டரை அரை மணி சூடாக விடுங்கள். இரவு மோடை அணையுங்கள். மானிட்டர் மெனுவில் 6500K அல்லது sRGB வையுங்கள். திரையில் வெற்று வெள்ளைப் பக்கம் திறந்து, பக்கத்தில் வெள்ளைத் தாள் ஒன்றை, பிரிண்ட் பார்க்கிற வெளிச்சத்தில் பிடித்து, இரண்டும் ஒரே பிரகாசமாகும் வரை Brightness-ஐக் குறையுங்கள். அப்புறம் விண்டோஸில் dccw என்று டைப் அடித்தால் காமா சரிசெய்யும் பக்கங்கள் வரும். கலரிமீட்டர் கருவி இருந்தால் திரைமேல் வைத்து 6500K, காமா 2.2, 100 கேண்டெலா சுமாருக்குக் கொண்டுவரலாம். அதுதான் துல்லியம்.

அடுத்து எண்கள். 1976-ல் வந்த கலர்செக்கர் அட்டையின் முதல் கட்டமே கறுந்தோல்தான்: sRGB-யில் சிவப்பு 115, பச்சை 82, நீலம் 68. ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் இந்த வரிசை மாறாது. பையனின் படத்தில் கன்னத்தில் 112, 80, 42. நீலம் அதல பாதாளம். அதுதான் அந்த மஞ்சள்!

பிறகு லேபில் 'கரெக்ஷன் வேண்டாம்' என்று சொல்லி ஒரே ஒரு பிரிண்ட் போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் திரையோடு ஒப்பிடுங்கள். அங்கே ஆபரேட்டர் தானாகத் திருத்தினால் யார் தப்பென்றே தெரியாது. செல்போனுக்கு sRGB ப்ரொஃபைலைச் சேர்த்துச் சேமியுங்கள். அவர் போனில் Vivid மோடு இருந்தால் ஊரார் பாக்கெட்டுக்குள் கைவிட முடியாது. இரண்டு மூன்று போனில் பார்த்து, எல்லாவற்றிலும் ஒரே பக்கம் சாய்கிறதா என்று மட்டும் கவனியுங்கள்.

இத்தனையும் செய்து அவள் உண்மையான நிறம் வந்த பிறகு, "கொஞ்சம் செவப்பாக்கிக் குடு தம்பி" என்பார்கள். அதற்குக் காலிபரேட் பண்ண வேண்டியது மானிட்டரை அல்ல!