வேண்டுகோளும் வரையறையும்

எமது நூலகத்துக்கு மென்பொருள் ஒன்று ஆக்கித்தர முன்வந்த பழைய மாணவர் சிலர், வேண்டுவன யாவையென எம்மை வினவினர். "நூலைத் திருப்பித் தராதோர் தொடர்பில் நல்ல ஏற்பாடு வேண்டும்" என எழுதிக் கொடுத்தோம். வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. ஆயினும் அதனைக் கொண்டு அவர்கள் எதனையும் ஆக்க இயலவில்லை. "நல்ல" என்பதன் பொருளை நாமே அறியோம்.

யார், எதனை, எப்பயன் கருதி விரும்புகிறார் என ஒரே வாக்கியத்தில் கூறுமாறு அவர்கள் பணித்தனர். இதனைப் பயனர் கதை என்பர். பயனைக் கூறுமிடத்தே தடுமாறினோம். தண்டப்பணம் அறவிடுதலே நோக்கமென எண்ணியிருந்தோம். ஆராய்ந்தபோது, அதே நூலுக்காகக் காத்திருக்கும் மாணவனே எமது கவலையென்பது புலனாயிற்று. ஆகவே, "நூலகராகிய நான், காத்திருப்போருக்கு நூலை விரைந்து வழங்கும்பொருட்டு, நாள் கடந்த நூல்களின் பட்டியலைக் காண விரும்புகிறேன்" என்றெழுதினோம். தண்டப்பணக் கணக்கு தானே விலகியது.

அடுத்தது ஏற்பு நியதி. நிலைமை, நிகழ்ச்சி, விளைவு என மூன்றாகப் பகுத்துரைக்கும் இம்முறையை டான் நோத் என்பார் 2006 இல் எழுதிய கட்டுரையொன்றில் விளக்கியுள்ளார். எமது முதல் நியதி இது: 3ஆந் திகதி 14 நாளுக்கு வழங்கிய நூல் திரும்பாதிருக்க, 18ஆந் திகதி நூலகர் பட்டியலைத் திறந்தால், அந்நூலும் பெற்றவர் பெயரும் "1 நாள் தாமதம்" என்பதும் தோன்றுதல் வேண்டும். 17ஆந் திகதி திறந்தால் அந்நூல் தோன்றலாகாது என்பது இரண்டாவது. 17ஆந் திகதி பூரணை விடுமுறையாயின்? இவ்வினா எழுந்தபின்னரே, அடுத்த பாடசாலை நாளே இறுதிநாள் என நூலகரும் நாமும் முடிவுசெய்தோம். அதுவரை எமது நூலகத்தில் அதற்கு விதியே இருக்கவில்லை.

"பட்டியல் விரைவாகத் தோன்றவேண்டும்" எனவும் ஒன்று எழுதினோம்; அது தள்ளப்பட்டது. இருவர் தனித்தனியே பார்த்து, நிறைவேறிற்றா இல்லையா என ஒரே விடை கூற இயலாதது நியதியாகாது. "இரண்டு செக்கனுக்குள்" எனத் திருத்தினோம். ஒரே நியதியில் பட்டியலைத் திறத்தலையும் நூலை மீளப் பெறுதலையும் சேர்த்ததும் பிழையே; தவறும்போது எது தவறிற்றென அறியமுடியாது. பட்டியல் கண்ணுக்கு இனிதாயிருத்தலை மட்டும் எந்நியதியுள்ளும் அடக்க முடியவில்லை. அதனை நூலகரை அருகிருத்திக் காட்டியே தீர்த்தனர்.

இத்தகைய நியதிகளைச் சோதிக்கும் குக்கும்பர் என்னும் கருவி தமிழையும் ஏற்கின்றது. ஆயின் நிகழ்ச்சிக்கு அதிலுள்ள சொல் "எப்போது" என்பதாம். அது வினாச்சொல், "திறந்தால்" என்னும் எச்சமே நிபந்தனையைச் சுட்டும். மாணவர் எவரேனும் இதனைத் திருத்த முன்வருவரேல் மகிழ்வோம்.