சொல்லை மாற்றினால் சொந்தமாகிவிடுமா?

ஜும்ஆ உரைக்கான குறிப்பு, மதரஸா ஆண்டு மலர்க் கட்டுரை, கல்லூரி மாணவரின் ஆய்வேடு என எதை எழுத வேண்டியிருந்தாலும் இன்று ஒரு குறுக்குவழி கையருகில் இருக்கிறது. ஓர் ஆலிம் எழுதிய கட்டுரையை எடுத்து, வாக்கியங்களை மாற்றியமைக்கும் மென்பொருளில் இட்டு, அது தருவதைத் தம் பெயரில் வெளியிட்டுவிடுகிறார்கள். கேட்டால், "ஒரு வரிகூட அப்படியே இல்லையே! திருட்டைக் கண்டறியும் மென்பொருளே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டதே!" என்கிறார்கள். இந்த வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை.

அந்தச் சோதனை பெரும்பாலும் சொல்லுக்குச் சொல் ஒத்துப்போகும் தொடர்களையே தேடுகிறது. ஒப்புமை இல்லை என்று அது கூறினால், எழுத்துகள் ஒத்துப்போகவில்லை என்பதே அதன் பொருள். கருத்து யாருடையது என்பது அதற்குத் தெரியாது. ஒரு கட்டுரையில் ஆசிரியரின் உழைப்பு சொற்களில் மட்டுமா இருக்கிறது? எந்தக் கேள்வியை முதலில் எடுப்பது, எந்த இமாமின் கருத்தை எதன்பின் வைப்பது, எந்த ஆதாரத்தைத் தெரிவுசெய்வது, எதை ஒதுக்குவது என்பதெல்லாம் அவர் பல கிதாபுகளைப் புரட்டி எடுத்த முடிவுகள். மென்பொருள் அவற்றில் ஒன்றையும் தொடுவதில்லை. வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தவர் வீட்டுக்காரர் ஆகிவிடுவதில்லை.

அடிக்குறிப்புகளின் கதை இன்னும் மோசமானது. மூலக் கட்டுரையாளர் பார்த்த அரபு நூல்களின் பெயரும் பாகமும் பக்கமும் அப்படியே நகலில் வந்து சேர்கின்றன. அந்த நூலின் அட்டையைக்கூடக் கண்டிராதவர், அதைப் படித்தவராகத் தோன்றுகிறார். இதற்கு நம் ஹதீஸ் கலையில் பழைய பெயர் ஒன்று உண்டு. ஓர் அறிவிப்பாளர் மட்டுமே அறிவிக்கும் ஹதீஸை எடுத்துக்கொண்டு, அவருடைய ஆசிரியரிடம் தானும் அதைச் செவியுற்றதாக ஒருவர் கூறினால், அதை 'ஸரிகத்துல் ஹதீஸ்', அதாவது ஹதீஸ் திருட்டு என்றார்கள் முஹத்திஸ்கள். அங்கே ஹதீஸின் வாசகம் சரியாகவே இருக்கலாம். பொய்யானது, 'நானும் அங்கிருந்து பெற்றேன்' என்ற உரிமைகோரல்தான். கைமாற்றாக வந்த அடிக்குறிப்பும் அதையே செய்கிறது.

"மார்க்க அறிவு எவருக்கும் தனிச்சொத்தல்லவே, பரப்புவது நன்மைதானே" என்று சிலர் கேட்கக்கூடும். தாராளமாகப் பரப்பட்டும், எழுதியவர் பெயரோடு பரப்பட்டும். நாம் இங்கே காப்புரிமைச் சட்டம் பேசவில்லை. இஸ்னாதை மார்க்கத்தின் ஒரு பகுதியாகவே கருதிய இமாம் அப்துல்லாஹ் இப்னுல் முபாரக்கின் வழிவந்தவர்கள், யார் சொன்னது என்பதை அழித்துவிட்டு மார்க்கத்தைப் பரப்புவது எப்படி என்றுதான் கேட்கிறோம்.

திருட்டோடு இது முடிந்துவிடுவதும் இல்லை. மாற்றப்பட்ட சொல் மூலத்தின் பொருளையும் மாற்றிவிடுகிறது. இம்மென்பொருள்கள் செய்யும் மாற்றங்களின் போக்கை விளக்க, ஓர் எடுத்துக்காட்டை நாமே அமைத்துக் காட்டுகிறோம். மூல வாக்கியம் இது என்று கொள்வோம்: 'பெண்கள் அணியும் அனுமதிக்கப்பட்ட தங்க நகைக்கு ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தின்படி ஸகாத் கடமையில்லை, ஹனஃபி மத்ஹபில் நிஸாபை அடைந்து ஓராண்டு நிறைந்தால் கடமை.' மாற்றி எழுதப்பட்டது இப்படி வருகிறது: 'மகளிர் பூணும் அங்கீகரிக்கப்பட்ட பொன் ஆபரணத்திற்கு ஷாஃபிஈ சிந்தனையின் உறுதியான முடிவுப்படி தர்மம் தேவையில்லை, ஹனஃபியில் குறைந்த அளவை எட்டி ஓராண்டு ஆனால் தேவை.'

மேலோட்டமாகப் பார்த்தால் குறையில்லை. தமிழும் நன்றாகவே இருக்கிறது. நிறுத்திப் படித்தால்தான் சேதம் புரியும். மூலத்தில் 'அனுமதிக்கப்பட்ட' என்றது, அணிவதற்கு மார்க்கம் இடமளிக்கும் நகையை. 'அங்கீகரிக்கப்பட்ட' என்றதும் வாசிக்கும் சகோதரி ஹால்மார்க் முத்திரையை நினைத்துக்கொள்வார். 'வலுவான கருத்து' என்ற சொல்லுக்குள், அம்மத்ஹபிலேயே வேறு கருத்தும் உண்டு என்ற செய்தி இருந்தது. 'உறுதியான முடிவு' அதைத் துடைத்துவிட்டது. ஸகாத் 'தர்மம்' ஆனதும் ஒரு ஃபர்ளு விருப்பக் கொடையாகச் சுருங்கிவிட்டது. 'கடமை' என்பது 'தேவை' ஆனதும் அதே கதைதான். நிஸாப் வெறும் 'குறைந்த அளவு' ஆகிவிட்டதால், எவ்வளவு என்று தேடிப் பார்க்கும் வழியும் அடைபட்டது. ஒரே வாக்கியத்தில் இத்தனை! இதை நம்பி, ஹனஃபி குடும்பத்துப் பெண்மணி ஒருவர் தம் நகைக்குரிய ஸகாத்தை 'தர்மம்தானே' என்று விட்டுவிட்டால் அதற்குப் பொறுப்பு யார்? இவ்வளவுக்கும் பிறகு மூல ஆலிமின் பெயரை நன்றியோடு கீழே போட்டால் அநீதி குறையாது. அவர் சொல்லாததை அவர் தலையில் கட்டியதாகவே ஆகும்.

ஆங்கில ஆய்வுலகம் இதை ஏற்கெனவே அனுபவித்திருக்கிறது. 2021இல் கபானாக், லாபே, மகசினோவ் என்ற மூன்று ஆய்வாளர்கள், அறிவியல் இதழ்களில் வெளியான கட்டுரைகளில் விசித்திரமான தொடர்களைக் கண்டு, அவற்றுக்குச் 'சித்திரவதைக்குள்ளான சொற்றொடர்கள்' என்று பெயரிட்டனர். மார்பகப் புற்றுநோய் 'நெஞ்சக அபாயம்' ஆகியிருந்தது. செயற்கை நுண்ணறிவு 'போலி உணர்வுநிலை' ஆகியிருந்தது. கலைச்சொல்லை அகராதிச் சொல்லாக எண்ணி மென்பொருள் மாற்றியதன் விளைவு அது. அன்றைய மென்பொருளின் பிழை சிரிப்பாவது மூட்டியது. இன்றையது சரளமாக எழுதுவதால் பிழை கண்ணில் படுவதே இல்லை. நமக்கு அச்சம் தருவது இந்தச் சரளம்தான்.

ஒத்த சொல்தானே என்று எண்ணுவோர் பராஉ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களின் நிகழ்வை நினைத்துப் பார்க்கட்டும். உறங்கும் முன் ஓதும் துஆ ஒன்றை நபி (ஸல்) அவர்கள் அவருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அவர் அதைத் திரும்பச் சொல்லும்போது 'நபி' என்ற இடத்தில் 'ரசூல்' என்று கூறினார். நபியவர்கள் அதை ஏற்காமல், கற்றுக்கொடுத்த சொல்லையே சொல்லும்படி திருத்தினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இது பதிவாகியுள்ளது. இதை வைத்து, கருத்தை வேறு சொற்களில் அறிவிப்பதே கூடாது என்று அறிஞர்களில் பெரும்பாலோர் கூறவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். திக்ருகளின் சொற்கள் வரையறுக்கப்பட்டவை என்றே பலர் இதை விளக்கினர். ஆனால் கருத்தாக அறிவிக்க அவர்கள் விதித்த நிபந்தனையைப் பாருங்கள்: சொற்களின் பொருளையும், எந்த மாற்றம் பொருளைக் கெடுக்கும் என்பதையும் அறிந்தவர்க்கே அந்த அனுமதி. ஹிஜ்ரி 643இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் ஒரு படி மேலே சென்று, தொகுக்கப்பட்ட நூல்களில் இருப்பதற்கு இந்தச் சலுகை பொருந்தாது என்றார். நினைவிலிருந்து சொல்பவருக்குச் சொல் தவறுவது இயல்பு. நூல் கண்முன்னே இருக்கையில் அந்தச் சிரமம் ஏது? திரையில் மூலக் கட்டுரையைத் திறந்து வைத்துக்கொண்டு மாற்றுபவருக்கு இது அப்படியே பொருந்தும்.

எழுத்துப்பிழை திருத்த மென்பொருளைப் பயன்படுத்துவதை நாம் எதிர்க்கவில்லை. பிறர் கருத்து வேண்டுமெனில் மேற்கோள் குறிக்குள் அப்படியே தந்து பெயரைச் சொல்லலாம். சொந்த நடையில்தான் சொல்ல வேண்டுமெனில், படித்து விளங்கியபின் மூலத்தை மூடிவைத்து எழுதி, பிறகு திறந்து ஒப்பிட வேண்டும். அப்போது 'சிலர்', 'பெரும்பாலோர்', 'வலுவான', 'இன்ன நிபந்தனையோடு' ஆகிய சொற்கள் உயிரோடு இருக்கின்றனவா என்றும், ஃபர்ளும் ஸுன்னத்தும் தத்தம் இடத்தில் நிற்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். அப்படி எழுதியதற்கும் மூலவரின் பெயர் வேண்டும். நாம் காணாத நூலைச் சுட்டும்போது, இன்னாரின் கட்டுரை வழியாக என்று சேர்க்க ஒரு வரி போதும்.