பிழையற்ற வாக்கியம், பிழையான சட்டம்

போதைப்பொருள் கடத்தலுக்குப் பணம் கொடுப்பவரையும் கடத்தல்காரருக்கு அடைக்கலம் தருபவரையும் தண்டிப்பதற்கென்று நம் நாட்டில் ஒரு சட்டப் பிரிவு இருக்கிறது. போதை மருந்துகள் மற்றும் மனமயக்கப் பொருட்கள் சட்டம், 1985-இன் 27-ஏ பிரிவு அது. தண்டனை குறைந்தது 10 ஆண்டுகள், அதிகபட்சம் 20 ஆண்டுகள் கடுங்காவல். இவ்வளவு கடுமையான பிரிவு, 2014 மே முதல் ஏழு ஆண்டுகளுக்கு மேலாக எந்தக் குற்றத்தைத் தண்டிக்கிறது என்றே சொல்லாமல் சட்டப் புத்தகத்தில் கிடந்தது. அதில் எழுத்துப் பிழை இல்லை, இலக்கணப் பிழையும் இல்லை. எந்தத் திருத்தச் செயலியில் ஏற்றியிருந்தாலும் அடியில் ஒரு சிவப்புக் கோடுகூட விழுந்திருக்காது.

நடந்தது இதுதான். எவையெல்லாம் குற்றச் செயல்கள் என்று 27-ஏ பிரிவு தானே பட்டியலிடவில்லை. “2-ஆம் பிரிவின் 8-ஏ கூறில், (1) முதல் (5) வரையிலான உட்கூறுகளில் சொல்லப்பட்ட செயல்கள்” என்று வேறோர் இடத்தைக் காட்டி நிறுத்திக்கொண்டது. அந்த 8-ஏ கூறில்தான் ‘சட்டவிரோதக் கடத்தல்’ என்பதன் வரையறை இருந்தது. 2014-இல் வந்த திருத்தச் சட்டம், ‘அத்தியாவசியப் போதை மருந்து’ என்ற புதிய வரையறையை 8-ஏ என்ற எண்ணில் நுழைத்தது. மருத்துவத்துக்கும் ஆய்வுக்கும் பயன்படும் மருந்துகளை அரசு அறிவிப்பதற்கான வரையறை அது. பழைய 8-ஏ, 8-பி ஆனது. ஆனால் 27-ஏ பிரிவை யாரும் தொடவில்லை. அது பழையபடி 8-ஏ-யையே காட்டிக்கொண்டிருந்தது. கடத்தலைக் காட்ட வேண்டிய விரல், வலி நிவாரண மருந்தைக் காட்டியது.

திரிபுராவில் ஒரு வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர், ‘என் மீது சுமத்தப்பட்ட பிரிவு வெற்றுப் பிரிவு’ என்று வாதிட்டு ஜாமீன் கேட்டபோது விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. நாடாளுமன்றம் திருத்தும்வரை 8-ஏ என்பதை 8-பி என்று படித்துக்கொள்ளுமாறு திரிபுரா உயர் நீதிமன்றம் 2021-இல் கூறியது. அந்த ஆண்டு செப்டம்பர் 30-இல் அவசரச் சட்டமும், டிசம்பரில் திருத்தச் சட்டமும் வந்தன. திருத்தம் 2014 மே 1 முதலே நடைமுறையில் இருந்ததாகக் கருதப்படும் என்றும் சொல்லப்பட்டது. குற்றச் சட்டத்தை முன்தேதியிட்டுச் செயல்படுத்த அரசமைப்பின் 20-ஆவது பிரிவு இடம் தருமா என்ற கேள்வி அவையில் எழுந்தது. இது புதிய குற்றமல்ல, விளக்கம்தான் என்றது அரசு. ஓர் எழுத்தை மாற்றாமல் விட்டதன் விலை, அரசமைப்பு பற்றிய விவாதம்.

‘இலக்கணச் செயலி போதாது, குறுக்குக் குறிப்புகளைச் சரிபார்க்கும் செயலி வேண்டும்’ என்று சிலர் சொல்லக்கூடும். அத்தகைய செயலிகள் இருக்கின்றன, பயனுள்ளவையும்கூட. ஒரு பிரிவு நீக்கப்பட்ட பிறகும் வேறொரு பிரிவு அதைச் சுட்டினால் அவை உடனே கூவும். ஆனால் இங்கே 8-ஏ நீக்கப்படவில்லை. அந்த எண்ணில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது. சுட்டிய முகவரி இருக்கிறது, குடியிருப்பவர்தான் மாறிவிட்டார். புதிய 8-ஏ-யில் உட்கூறுகளே இல்லை என்பதால், உட்கூறு வரை இறங்கிப் பார்க்கும் கூர்மையான செயலி இதைப் பிடித்திருக்கலாம். புதிய கூறிலும் தற்செயலாக ஐந்து உட்கூறுகள் இருந்திருந்தால் அதுவும் ஏமாந்திருக்கும். கடத்தலைப் பற்றிப் பேசும் பிரிவு மருந்து அறிவிக்கையைச் சுட்டுவது அபத்தம் என்று உணர, இரண்டையும் பொருள் அறிந்து படித்தாக வேண்டும்.

இதே பிழை நீதிமன்ற மனுக்களில் வேறு உருவத்தில் வருகிறது. ஆவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிராக நியூயார்க்கில் நடந்த வழக்கில், செயற்கை நுண்ணறிவுச் செயலி கொடுத்த தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டினார்கள். வழக்கின் பெயர், நீதிமன்றம், ஆண்டு, தொகுப்பின் பக்க எண் எல்லாம் முறைப்படி இருந்தன. தீர்ப்புகள்தான் இல்லை. எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்று சொன்ன பிறகே உண்மை வெளிவந்தது. 2023 ஜூனில் நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். மேற்கோளின் வடிவத்தைச் சோதிக்கும் எந்தக் கருவியும் அந்த மனுவுக்கு முழு மதிப்பெண் போட்டிருக்கும்.

சாமானியர் கைக்கு வரும் கிரயப் பத்திரத்திலும் இதுவே நிலை. பட்டாவில் பரப்பு 12.50 ஏர் என்று இருக்கிறது என்று வையுங்கள். ஓர் ஏர் சுமார் 2.47 சென்ட் என்பதால், இது ஏறக்குறைய 31 சென்ட். பத்திரத்தில் தட்டச்சு செய்பவர் இதை 21.50 என்று மாற்றி அடித்துவிட்டால் 53 சென்ட் ஆகிவிடும். இரண்டும் ஒழுங்கான எண்கள், இரண்டு வாக்கியங்களும் ஒழுங்கான வாக்கியங்கள். எது சரி என்பது பத்திரத்துக்குள் இல்லை, பட்டாவிலும் நிலத்திலும் இருக்கிறது. சர்வே எண்ணும் நான்கு எல்லைகளும் அப்படித்தான். சட்ட வாசகத்தின் உண்மை, வாசகத்துக்கு வெளியே இருக்கும் ஒன்றோடு அது பொருந்துவதில் இருக்கிறது. கருவியோ தன் முன்னால் வைக்கப்பட்ட வாசகத்தை மட்டுமே பார்க்கிறது.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. 2014 திருத்தத்தைத் தவறவிட்டது கருவியல்ல, மனிதர்கள்தானே? வரைவாளர், சட்ட அமைச்சகம், இரண்டு அவைகள் என்று எத்தனை கண்களைக் கடந்து வந்தது அது? உண்மைதான். ஆனால் அத்தனை பேர் கைக்கும் போனது திருத்த மசோதா. எதை எங்கே சேர்ப்பது, எதற்கு எந்த எண் என்று மட்டும் சொல்லும் தாள் அது. மாற்றப்படும் பிரிவுகளின் பழைய வாசகத்தை மசோதாவின் இணைப்பில் தருவது வழக்கம். எண் மாற்றம் தொடாத 27-ஏ அந்த வாசிப்புக்குள் வர வழியே இல்லை. திருத்தத்துக்குப் பிறகு சட்டம் எப்படி நிற்கும் என்று முழுச் சட்டத்தையும் வைத்துப் படித்திருந்தால் தப்பியிருக்காது. மனித வாசிப்பு தோற்கவில்லை. படிக்க வேண்டியது படிக்கப்படவில்லை.

எனவே ‘மனிதர் ஒருமுறை பார்க்கட்டும்’ என்ற பொதுப் பேச்சு போதாது. எதைப் பார்க்க வேண்டும் என்று விதி சொல்ல வேண்டும். ஒரு சட்டத்திலோ அரசாணையிலோ விதியிலோ எண் மாறும் ஒவ்வொரு முறையும், திருத்தம் சேர்க்கப்பட்ட முழு வாசகம் தயாரிக்கப்பட வேண்டும். மாறிய எண்ணைச் சுட்டும் இடங்களையெல்லாம் தேடிப் பட்டியல் இடுவது கருவியின் வேலையாகட்டும். அதை அது நம்மைவிட நன்றாகவே செய்யும். பட்டியலில் உள்ள ஒவ்வோர் இடத்தையும் திறந்து, சுட்டுவதும் சுட்டப்படுவதும் பொருளால் பொருந்துகின்றனவா என்று படிப்பது ஓர் அதிகாரியின் வேலை. அந்தப் பட்டியல் அவருடைய கையொப்பத்தோடு மசோதாவுடன் அவைக்கு வர வேண்டும். மேற்கோள் காட்டும் வழக்கறிஞர், தீர்ப்பின் மூலத்தைத் தானே திறந்து படித்ததாக மனுவில் உறுதி தர வேண்டும். பத்திரம் எழுதும் இடத்தில், ஒருவர் பத்திரத்தை உரக்க வாசிக்க இன்னொருவர் பட்டாவைப் பார்த்துச் சரிபார்க்கும் முறை கட்டாயமாக வேண்டும்.

இதற்கு நேரம் ஆகும், ஆள் வேண்டும் என்று துறைகள் சொல்லும். எண் மாறும் திருத்தங்களுக்கு மட்டும் கேட்கப்படும் வேலை இது. ஒரு சட்டத்துக்குச் சில மணி நேரம் போதும். அந்த மணி நேரத்தைச் செலவிடாததால், ஓர் எழுத்தை மாற்ற உயர் நீதிமன்றமும் குடியரசுத் தலைவரின் அவசரச் சட்டமும் நாடாளுமன்றமும் தேவைப்பட்டன. அடுத்த திருத்த மசோதா அவைக்கு வரும்போது, முழு வாசகமும் கையொப்பமிட்ட பட்டியலும் எங்கே என்று உறுப்பினர்கள் கேட்க வேண்டும். இவ்விரண்டும் இல்லாத மசோதாவை எடுத்துக்கொள்ள மறுக்க வேண்டும்.