எண்ணிப் பார்த்தபின் மாத்திரை

சித்தூரில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தை ஒட்டி வேலூர் வந்துவிடும். எக்ஸ்ரேயும் ஸ்டெதஸ்கோப்பும் இல்லாமல், மூச்சை எண்ணியே ஒரு குழந்தைக்கு நிமோனியாவா வெறும் சளியா என்று பிரித்தறிய முடியுமா என்ற கேள்விக்கு நல்ல விடை ஒன்று அந்த ஊரிலிருந்து கிடைத்தது. பப்புவா நியூ கினியில் பிராங்க் ஷான் முன்வைத்த அளவுகோல், எல்லா வயதுக்கும் நிமிடத்துக்கு 50 மூச்சு என்பது. வேலூர் சி.எம்.சி.யில் தாமஸ் செரியன், டி. ஜேக்கப் ஜான் குழுவினர் குழந்தைகளை எண்ணிப் பார்த்து, ஒரு வயதுக்குக் கீழே 50, அதற்கு மேலே 40 என்று வயதுவாரியாகப் பிரிப்பதே பொருந்துகிறது என்று 1988-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். உலக சுகாதார நிறுவனம் இன்று உலகுக்கெல்லாம் சொல்லும் கணக்கும் இதுதான்: 2 மாதம் முதல் 12 மாதம் வரை 50 அல்லது அதற்கு மேல்; 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல்.

பக்கத்து ஊரில் பிறந்த இந்தக் கணக்கு நகரி, பலமனேர், புத்தூர் பக்கத்துச் சின்ன கிளினிக்குகளில் எவ்வளவு நடைமுறையில் இருக்கிறது? சாயங்கால நேரத்தில் வாசல்வரை கூட்டம் நிற்கும்போது, முழுதாக ஒரு நிமிடம் ஒரு குழந்தையின் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குகிறார்கள். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு 15 விநாடியில் 9 மூச்சு என்றால் 36, மருந்து வேண்டாம். 10 என்றால் 40, நிமோனியா. ஒரே ஒரு மூச்சைத் தவறவிட்டால் நோயின் பெயரே மாறிவிடுகிறது. கைக்குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக ஓடாது. கொஞ்சம் நின்று, கொஞ்சம் விரைந்து போகும். அதனால்தான் முழு 60 விநாடி கேட்கிறார்கள். அழும் குழந்தையிடமும் பால் குடிக்கும் குழந்தையிடமும் எண்ணக்கூடாது. அம்மா மடியில் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, செல்போன் ஸ்டாப்வாட்சை வைத்துக்கொண்டு எண்ண வேண்டும். எல்லைக்கு அருகில் வந்தால் இன்னொரு முறை எண்ணுவது நல்லது. நெஞ்சில் விசில் சத்தம் கேட்டால் முதலில் சால்பியூட்டமால் கொடுத்துவிட்டு மறுபடி எண்ண வேண்டும். ஆஸ்துமா இழுப்பாக இருந்தால் எண்ணிக்கை இறங்கிவிடும்.

எண்ணிக்கை தாண்டிவிட்டது, ஆபத்து அறிகுறி எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். மருந்து அமாக்ஸிசிலின். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் குறைந்தது 40 மில்லிகிராம், அதுவும் ஒரு நாளைக்கு இரண்டு வேளை. சிக்கல் இங்கேதான். பத்து கிலோ குழந்தைக்கு வேளைக்கு 400 மில்லிகிராம் போக வேண்டும். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் ஒரு வேளைக்கு 16 மில்லி, மூன்று ஸ்பூனுக்கும் மேல். ஒரு நாளைக்கு 32 மில்லி. 60 மில்லி பாட்டில் இரண்டு நாள்கூட வராது. சீட்டில் பெரும்பாலும் எழுதப்படுவதோ "ஒரு ஸ்பூன், மூன்று வேளை". அது நாளைக்கு 375 மில்லிகிராம், தேவையில் பாதிக்கும் குறைவு. மூன்றாம் நாள் குழந்தை தேறாவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டி, அடுத்த கிளினிக்கில் அஸித்ரோமைசினோ ஊசியோ போடுகிறார்கள். என் பார்வையில், அளவு குறைந்ததற்கான பழியை அமாக்ஸிசிலின் சுமக்கிறது.

தண்ணீரில் கரையும் 250 மில்லிகிராம் மாத்திரையில் இந்தக் குழப்பம் இல்லை. 4 கிலோவிலிருந்து 10 கிலோவுக்குள் ஒரு மாத்திரை, 10-லிருந்து 14-க்குள் இரண்டு, 14-லிருந்து 19 வரை மூன்று. எல்லாமே காலை ஒரு வேளை, இரவு ஒரு வேளை. பதினெட்டு மாதம், பத்து கிலோ, நிமிடத்துக்கு 46 மூச்சு என்றால் வேளைக்கு இரண்டு வீதம், ஐந்து நாளைக்கு 20 மாத்திரை. கிண்ணத்தில் காய்ச்சி ஆறிய தண்ணீரோ தாய்ப்பாலோ இரண்டு ஸ்பூன் விட்டு, மாத்திரையைப் போட்டு, அது உடையும்வரை பொறுத்திருந்து, கலக்கிக் கொடுக்க வேண்டும். அடியில் படிந்ததில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதையும் கொடுத்தால்தான் முழு அளவு உள்ளே போகும். முதல் வேளையை கிளினிக்கிலேயே, அம்மா கையாலேயே கொடுக்கச் செய்துவிட்டால் வீட்டில் சந்தேகம் வராது.

இந்தக் குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக்கே தேவையா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், பெரும்பாலானவை வைரஸால் வருபவை. கராச்சியில் வேக மூச்சு மட்டும் இருந்த குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு அமாக்ஸிசிலினும் மற்றவர்களுக்கு வெற்று மருந்தும் கொடுத்துப் பார்த்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். சிகிச்சை பலிக்காமல் போனது மருந்து பெற்றவர்களில் 2.6 விழுக்காடு, வெற்று மருந்து பெற்றவர்களில் 4.9 விழுக்காடு. அதாவது நூற்றில் 95 பேர் மருந்தில்லாமலே தேறினார்கள். ஆனால் மீதிப் பேர் யார் என்று முதல் நாளில் சொல்லத் தெரியாதவரை, எண்ணிக்கை தாண்டியவர்களுக்குக் கொடுப்பதே சரி என்பேன். எண்ணிக்கை தாண்டாத இருமலுக்கு எழுதப்படும் ஆன்டிபயாடிக்கை நிறுத்தினாலே வீண் செலவில் பெரும்பகுதி குறைந்துவிடும். நாட்களையும் நீட்ட வேண்டியதில்லை. இந்தியாவில் 2,188 குழந்தைகளிடம் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், மூன்று நாள் கொடுத்தாலும் ஐந்து நாள் கொடுத்தாலும் குணமானவர்கள் ஏறக்குறைய 90 விழுக்காடுதான்.

மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பக்கூடாத குழந்தைகள் யார்? பால் குடிக்க முடியாதது, குடித்ததையெல்லாம் வாந்தி எடுப்பது, வலிப்பு வந்தது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, அமைதியாக இருக்கும்போதும் மூச்சு இழுக்கையில் கரகரவென்று சத்தம் வருவது, உடல் மிகவும் மெலிந்தது, ஆக்சிஜன் அளவு 90-க்குக் கீழே இறங்கியது. இவற்றில் ஒன்று இருந்தாலும் போதும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மூச்சு 60-ஐத் தொட்டு, மறுபடி எண்ணியும் அப்படியே இருந்தால், அதையும் சின்ன கிளினிக்கில் வைத்துக்கொள்ளக் கூடாது. நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிவிழும் குழந்தைக்கு, வேறு ஆபத்து இல்லையென்றால் வாய்வழி அமாக்ஸிசிலினே போதும் என்கிறது 2014-க்குப் பிந்தைய வழிகாட்டுதல். ஆனால் ஆக்சிஜன் அளவு பார்க்க வழியில்லாத இடத்தில், ராத்திரி வண்டி கிடைக்காத ஊருக்கு அப்படிப்பட்ட குழந்தையை அனுப்ப நான் சம்மதிக்க மாட்டேன். ஏரியா ஆஸ்பத்திரியில் ஒரு நாள் பார்த்துவிட்டு அனுப்பலாம். பெரியவர்களின் ஆக்சிமீட்டரைக் கைக்குழந்தையின் விரலில் மாட்டினால் வரும் எண்ணை நம்பவும் முடியாது. குழந்தைகளுக்கான மாட்டியை ஒவ்வொரு கிராம சுகாதார கிளினிக்குக்கும் கொடுப்பதுதான் மாவட்ட நிர்வாகம் முதலில் செய்ய வேண்டியது.

திருப்பதி ரூயா ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று முடிவானதும் "உடனே போங்க" என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்கிறோம். மலையோரக் கிராமத்திலிருந்து 108 வண்டி வந்து, போய்ச் சேரும்வரை அந்தக் குழந்தைக்கு மருந்தே இல்லை. விழுங்க முடிந்த குழந்தைக்கு முதல் வேளை மாத்திரையைக் கொடுத்துவிட்டு அனுப்பலாம். விழுங்க முடியாவிட்டால் ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் ஊசியாக. ஆக்சிஜன் இருந்தால் வைக்க வேண்டும், குடிக்க முடிந்தால் வழியில் தாய்ப்பால் கொடுக்கச் சொல்ல வேண்டும். சீட்டில் "நிமோனியா" என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதில் எடை, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ஆக்சிஜன் அளவு, எந்த மருந்து எத்தனை மணிக்குப் போனது என்ற நான்கையும் எழுதினால், அங்கே நைட் டியூட்டி டாக்டர் அடுத்த வேளையைக் கணக்கிட்டுத் தொடர முடியும்.